தலையும் தண்டும்: பொது இன்ஃபுளுவென்சா தடுப்பூசி உருவாக்கத்தின் சிக்கல்

இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் மாற்றியமைக்க வேண்டியிருப்பதற்கு வைரசின் மாறும் இயல்பே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இது பாதி உண்மையே. வைரசில் அதிகம் மாறாத பகுதிகளும் உள்ளன. அவற்றை மனித உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே மறுபாதி.

வைரசின் மேற்பரப்பிலுள்ள ஹீமாகுளூட்டினின் என்னும் புரதம் காளான் வடிவை ஒத்தது. அதன் தலைப்பகுதி மூச்சுக்குழாய்ச் செல்லைப் பற்றிக்கொள்கிறது. தண்டுப்பகுதி வைரசின் உறையைச் செல்லின் சவ்வோடு இணைக்கிறது. தலை வெளிப்புறமாகத் துருத்தி நிற்பதால் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை அதற்கெதிராகவே உருவாகின்றன. தலையோ பல மாற்றங்களைத் தாங்கிக்கொண்டு தன் பணியைத் தொடரவல்லது. எனவே சென்ற ஆண்டின் எதிர்ப்பொருள் இவ்வாண்டின் வைரசிடம் பயனற்றுப் போகலாம். தண்டு அத்தகைய மாற்றங்களை எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் அதற்கெதிராக உருவாகும் எதிர்ப்பொருள் மிகக் குறைவு.

இந்நிலையை மாற்றும் வழியொன்றை 2009ஆம் ஆண்டின் எச்1என்1 பெருந்தொற்று சுட்டிக்காட்டியது. அவ்வைரசின் தலை பெரும்பாலோரின் உடலுக்குப் புதியது. தண்டோ பழைய எச்1 வைரசுகளின் தண்டை ஒத்திருந்தது. ஆகவே தொற்றுற்றோரிடம் பழைய நினைவுச் செல்கள் தூண்டப்பட்டுத் தண்டுக்கெதிரான எதிர்ப்பொருள்கள் பெருகின.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் பலேசே, ஃப்ளோரியன் கிராமர் உள்ளிட்டோர் இதையே செயற்கையாக நிகழ்த்த முயன்றனர். எச்1 தண்டின்மீது, மனிதர் பொதுவாக எதிர்கொண்டிராத பறவை வைரசின் தலை பொருத்தப்பட்டது. ஒரு தவணையில் எச்8 தலை, மற்றொன்றில் எச்5 தலை. இரு தவணைகளிலும் உடலுக்குப் பழக்கமானது தண்டு ஒன்றே என்பதால் நினைவு அதன்மீதே குவிகிறது. 2020இல் வெளியான முதற்கட்ட மனிதச் சோதனை முடிவுகளின்படி, துணையூக்கி சேர்த்த செயலிழந்த வைரசுத் தடுப்பூசி தண்டுக்கெதிரான எதிர்ப்பொருள்களை வலுவாக உயர்த்தியது. அவை ஓராண்டுக்கு மேலும் நீடித்தன.

எனினும் எதிர்ப்பொருளின் அளவு உயர்வதும் நோய் தடுக்கப்படுவதும் ஒன்றல்ல. தலைக்கெதிரான எதிர்ப்பொருள் வைரஸ் செல்லைப் பற்றுவதையே தடுக்கிறது. தண்டுக்கெதிரானதோ, பற்றியபின் நிகழும் சவ்வு இணைவைத் தடுக்கிறது. தொற்றுற்ற செல்லை அழிக்கப் பிற எதிர்ப்புச் செல்களையும் அழைக்கிறது. எனவே அது தொற்றை முழுமையாகத் தடுக்காமல் நோயின் கடுமையை மட்டும் குறைக்கக்கூடும்.

அளவிடுவதிலும் இடர் உண்டு. தடுப்பூசியின் திறனை மதிப்பிட நெடுங்காலமாகப் பயன்படும் ஆய்வு, சிவப்பணுக்களை வைரஸ் ஒட்டவைப்பதை எதிர்ப்பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணிக்கிறது. 1:40 என்னும் அளவு பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. பற்றுதலைத் தடுக்காத தண்டு எதிர்ப்பொருள்கள் இவ்வாய்வில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. நிகராகுவாவில் குடும்பங்களிடையே நடந்த, 2019இல் வெளியான ஆய்வு, இவை எச்1என்1 தொற்றிலிருந்து பாதுகாப்போடு தொடர்புடையவை எனக் காட்டியது; ஆனால் எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஏற்கப்பட்ட எல்லை இல்லை. அவ்வெல்லை இல்லாதவரை, புதிய தடுப்பூசி ஒவ்வொன்றும் பல்லாயிரம் பேரிடம் நோய்த்தடுப்பை நேரடியாகக் காட்டியாக வேண்டும்.

மேலும், எச்1 தண்டுக்கெதிரான எதிர்ப்பொருள் அதே தொகுதியைச் சேர்ந்த எச்2, எச்5 ஆகியவற்றை ஓரளவு அடையாளம் காணும்; வேறு தொகுதியைச் சேர்ந்த எச்3 வைரசைப் பெரும்பாலும் காணாது. எனவே எச்3 தண்டுக்கும், இன்ஃபுளுவென்சா பி வகைக்கும் தனித்தனிக் கூறுகளை உருவாக்க வேண்டியுள்ளது.