காதுக்கும் எட்டும் ஸ்லைடு

பள்ளி அறிவியலில் வரும் இதயப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் புத்தகப் பக்கத்தை போனில் படம் பிடித்து பவர்பாயிண்டில் ஒட்டுகிறார். பின்னணி பளீர் நீலம், தலைப்பு சிவப்பு. நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு அம்பு, அசுத்த ரத்தத்துக்கு நீல அம்பு. அவருடைய லேப்டாப்பில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவருக்குப் பார்வை குறைவு, இன்னொருவர் முற்றிலும் பார்வையற்றவர் என்றால் இந்த ஒரே ஸ்லைடில் மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும்.

முதலில் நிறம். எழுத்தும் பின்னணியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பிரகாச வேறுபாட்டோடு இருக்கின்றன என்பதை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. அதற்கு மேல் கிடையாது. இணையத்துக்கான அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது, 18 பாயிண்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3 போதும். நம் ஆசிரியரின் நீலத்தில் சிவப்பு வெறும் 2.15 தான். இரண்டும் வெவ்வேறு நிறம்தான், ஆனால் இரண்டுமே இருட்டு நிறங்கள். அதே நீலத்தில் வெள்ளை எழுதினால் 8.6 கிடைக்கும். நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் விகிதம் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு.

வகுப்பறையில் இந்த 4.5-ஐ அப்படியே நம்பக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும்போது வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே அளவு ஒளி கூடுகிறது. வெள்ளைத் திரையின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளிச்சம் சேர்ந்தாலே, 4.5 என்று கணக்கு சொன்ன சாம்பல் எழுத்து 3-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் புரொஜெக்டரில் காட்டுவதற்கு 7-க்கு மேல் வைத்துக்கொள்வதே என் பழக்கம். ரத்தத்தின் அம்புகளையும் நிறத்தை மட்டும் நம்பி விடாமல் ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டுவிடலாம். View பட்டியலில் Grayscale அழுத்திப் பாருங்கள். நிறம் போன பிறகும் எது எது என்று தெரிந்தால் சரி.

அடுத்தது படத்துக்கான மாற்று உரை. படத்தின் மேல் வலது கிளிக் செய்து View Alt Text என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் எழுதுவதைத்தான் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் படித்துக் காட்டும். "இதயத்தின் படம்" என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதலாம்:

"இதயத்தின் நீள்வெட்டு. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள்கள். உடலிலிருந்து வரும் ரத்தம் வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள் வழியாக நுரையீரல் தமனிக்குப் போகிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் இடது ஆரிக்கிள், இடது வென்ட்ரிக்கிள் வழியாகப் பெருந்தமனியில் ஏறுகிறது. இடது வென்ட்ரிக்கிளின் சுவர்தான் மிகத் தடிமன்."

இதில் அம்பின் நிறம் இல்லை, எந்த அறை படத்தில் எந்தப் பக்கம் என்பதும் இல்லை. இதயத்தின் வலப்பக்கம் படத்தில் நமக்கு இடப்பக்கமாக வரும். அதைப் போய் விவரித்தால் கேட்பவர் குழம்புவதுதான் மிச்சம். பாடம் ரத்த ஓட்டம், ஆகவே விவரிப்பும் ரத்தத்தின் கூடவே போகிறது. இதே படத்தைத் தேர்வில் "A எந்த அறை?" என்று கேட்கக் கொடுத்தால் விவரிப்பு மாறவேண்டும்: "A, நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் அறை" என்று இருப்பிடத்தைச் சொல்லிப் பெயரை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, அமைப்பு. போனில் பிடித்த பக்கத்தில் இருக்கும் வரிகள் திரைவாசிப்பானுக்கு எழுத்தே அல்ல, அவற்றைத் தட்டச்சு செய்துதான் ஆகவேண்டும். அதையும் யூனிகோடில் செய்ய வேண்டும். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தெரிவது கணினிக்குள்ளே jkpo; என்றுதான் இருக்கிறது, திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்க முயலும். பழைய பாடக் குறிப்புகளை ஸ்லைடாக்கும்போது அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்; எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது.

தலைப்பைத் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதாமல் லேஅவுட் தரும் தலைப்புக் கட்டத்திலேயே எழுதுங்கள். ஸ்லைடு விட்டு ஸ்லைடு தாவித் தேடுபவருக்கு அதுதான் வழி. பிறகு Alt+F10 அழுத்தினால் ஸ்லைடில் உள்ளவற்றின் பட்டியல் வரும். அது கீழிருந்து மேலாகப் படிக்கப்படும் என்பதால் தலைப்பு அடியில் இருக்க வேண்டும்.

Review பட்டியலில் உள்ள Check Accessibility, மாற்று உரை இல்லாத படத்தையும் தலைப்பில்லாத ஸ்லைடையும் பிடித்துக் கொடுக்கும். ஆனால் "படம் 1" என்று எழுதி வைத்திருந்தாலும் அது பேசாமல் விட்டுவிடும். இவ்வளவும் செய்துவிட்டு மாணவர்களுக்கு அனுப்பும்போது Microsoft Print to PDF வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் எழுதிய விவரிப்பெல்லாம் உதிர்ந்துவிடும். Save As வழியாகப் போய், விருப்பங்களில் Document structure tags for accessibility என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து சேமிக்க வேண்டும்.