வேலை மாறிய ஆண்டின் வருமான வரிக் கணக்கு

2025-26 நிதியாண்டில் வாங்கிய சம்பளத்துக்கான வருமான வரிக் கணக்கை 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் இதே கணக்கு 2026-27 மதிப்பீட்டு ஆண்டு என்ற பெயரில் இருக்கும். சம்பாதித்த ஆண்டு ஒன்று, அதைத் துறை மதிப்பிடும் ஆண்டு அதற்கு அடுத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கட்டிய வரிகூட வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அதனால் ரிட்டர்னும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், இது தவறு. புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். 4 லட்சத்துக்கு மேல் வரி போடப்பட்டு, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரி முழுவதும் தள்ளுபடி ஆகிறது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி பூஜ்யம் ஆகிறது. தள்ளுபடி கிடைப்பதும் ரிட்டர்னில் கணக்குக் காட்டிய பிறகுதான்.

ஒரே நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் வேலை பார்த்தவருக்கு இது அரை மணி நேர வேலை. நிறுவனம் தரும் ஃபார்ம் 16-ல் எல்லாம் இருக்கும். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்தான் சிக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தான் கொடுத்த சம்பளம் மட்டுமே தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பது அவரவர் பொறுப்பு.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மாதம் 1,00,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே வாங்கியது 6,00,000 ரூபாய். அக்டோபரில் வேறு நிறுவனத்தில் 1,30,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். மார்ச் வரை 7,80,000. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்குப் போட்டு, கழிவு போக வரி இல்லை என்று எதையும் பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்தின் புத்தகத்தில் அவருடைய ஆண்டு வருமானமே 7.8 லட்சம்தான், அங்கேயும் வரி பிடிக்கவில்லை. இரண்டு நிறுவனமும் தங்களுக்குத் தெரிந்த வரையில் சரியாகத்தான் செய்திருக்கின்றன. ஆனால் மொத்தச் சம்பளம் 13,80,000.

இந்த நிலை வந்திருப்பதை ஃபார்ம் 16-ன் இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்துவிடலாம். மொத்தச் சம்பளத்தைக் காட்டும் முதல் கட்டத்தில், 17(1), 17(2), 17(3) என்ற வரிகளுக்கும் கூட்டுத்தொகைக்கும் கீழே, மற்ற நிறுவனத்தில் பெற்றதாகத் தெரிவிக்கப்பட்ட சம்பளம் என்று தனியாக ஒரு வரி உண்டு. இரண்டாவது நிறுவனத்தின் படிவத்தில் அந்த வரி காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால், பழைய சம்பளம் அவர்களுக்குத் தெரியாது என்று பொருள். அதே படிவத்தில் 16(ia) என்ற வரியில் 75,000 ரூபாய் கழிவு இருக்கும். முதல் நிறுவனத்தின் படிவத்திலும் அதே 75,000 இருக்கும். ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான் இந்தக் கழிவு. இரண்டு படிவத்திலும் உள்ள நிகரச் சம்பளத்தை அப்படியே கூட்டினால் 75,000 ரூபாய் கூடுதலாகக் கழிந்துவிடும். கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளங்களைத்தான் கூட்ட வேண்டும்.

ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். வரியே பிடிக்காத நிறுவனம் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. கிடைக்காவிட்டால் மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டி மொத்தத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தளத்தில் இருக்கும் ஃபார்ம் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு பதிவுகள். பான் எண்ணின் பேரில் பிடிக்கப்பட்ட வரி முதலாவதில் இருக்கும். வங்கி, அஞ்சலகம், பரஸ்பர நிதி, பங்குத் தரகர் என்று பல இடங்களிலிருந்து துறைக்குப் போன தகவல்கள் இரண்டாவதில் இருக்கும். நம் பொறியாளருக்கு எஃப்.டி. வட்டியாக 20,000 ரூபாய் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ் பிடிக்கும். அதனால் இந்த வட்டி வரி பிடிக்கப்படாமலே முழுதாக வந்திருக்கும், ஆனால் ஏஐஎஸ்ஸில் பதிவாகியிருக்கும். பிடிக்கவில்லை என்பதற்காக அது வரியில்லாத வருமானம் ஆகிவிடாது. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் விவரங்களைத் தர நிறுவனங்களுக்கு மே 31 வரை அவகாசம் இருப்பதால், ஜூன் நடுவில் இந்தப் பதிவுகளைப் பார்ப்பதே நல்லது. ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்பவர்கள் பாதி விவரத்தோடு தாக்கல் செய்கிறார்கள்.

இனி வரி. சம்பளம் 13,80,000-ல் கழிவு 75,000 போக 13,05,000. வட்டி 20,000 சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 13,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சமிருக்கும் 1,25,000-க்கு 15 சதவீதம், 18,750. ஆக 78,750 ரூபாய். 4 சதவீத செஸ் 3,150 சேர்த்து 81,900. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி கிடைக்காது.

ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கப்படாதவருக்கு ஜூலையில் இந்தத் தொகை இடி போல வரும். கூடவே வட்டியும் உண்டு. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வரி பாக்கி வருமானால் அதை ஆண்டுக்குள்ளேயே முன்கூட்டி நான்கு தவணையில் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் மாதம் ஒரு சதவீதம் வீதம் வட்டி ஏறும். ஜூலையில் கட்டினால் இந்தப் பொறியாளருக்கு அது 7,000 ரூபாயைத் தாண்டிவிடும். புதிய நிறுவனத்தில் சேர்ந்த உடனே முந்தைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் எழுதிக் கொடுத்திருந்தால், அக்டோபரிலிருந்து மாதாமாதம் வரி பிடிக்கப்பட்டு இந்த வட்டியே வந்திருக்காது.

பழைய முறைக்கு மாறினால் வரி குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 மட்டுமே. இதே வருமானத்துக்கு அங்கே வரி 78,750-க்குக் கீழே வர வேண்டுமானால், அதற்கு மேல் சுமார் 5.19 லட்சம் ரூபாய்க்குக் கழிவுகள் வேண்டும். வீட்டுக்கடன் வட்டி, வாடகைப் படி, 80சி மூன்றும் ஒன்றாக உள்ள சிலருக்குத்தான் அது எட்டும். 80சி-யின் 1.5 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய முறைக்குப் போவதில் நஷ்டமே மிச்சம்.

தாக்கல் செய்ய, incometax.gov.in தளத்தில் பான் எண்ணைப் பயனர் பெயராகக் கொடுத்து நுழைந்தபின் போக வேண்டிய வழி இது:

```
e-File > Income Tax Returns > File Income Tax Return
```

முதல் திரையில் ஆண்டு 2026-27 என்றும், தாக்கல் முறை Online என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு படிவம். சம்பளமும் வட்டியும் மட்டுமே வருமானம், மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ITR-1 போதும். பங்குகளை வாங்கி ஓராண்டுக்குள் விற்று லாபம் பார்த்தவர் ITR-2-க்குப் போக வேண்டும்.

ITR-1-ல் ஐந்து பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். Personal Information பெட்டியில், புதிய வரி முறையை விட்டு விலகுகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். No என்றால்தான் புதிய முறை. ‘விலகுகிறீர்களா’ என்று கேட்பதைக் கவனிக்காமல், புதிய முறைதானே வேண்டும் என்று Yes அழுத்துபவர்கள் பழைய முறைக்குள் போய்விடுகிறார்கள். Gross Total Income பெட்டியில் சம்பளம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு இருக்கும். வரி பிடிக்காத நிறுவனத்தின் சம்பளம் அங்கே தானாக வந்து நிற்கும் என்று நம்பக் கூடாது. இரண்டாவது நிறுவனத்தின் 7,80,000 மட்டும் இருந்தால் அதை 13,80,000 ஆக்க வேண்டும். வட்டி 20,000 இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். Total Deductions புதிய முறையில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

பாக்கி வரியை e-Pay Tax மூலம் கட்டும்போது ஆண்டு 2026-27 என்றும், வகை Self Assessment Tax (300) என்றும் இருக்க வேண்டும். இங்கே ஆண்டைத் தவறாகக் கொடுத்தால், கட்டிய பணம் ரிட்டர்னில் ஏறாது. துறையிலிருந்து பாக்கி கேட்டுக் கடிதம் வரும். சலானில் உள்ள வங்கிக் குறியீடு, தேதி, வரிசை எண் மூன்றும் Tax Paid பெட்டியில் வந்துவிட்டதா என்று பார்த்து, Total Tax Liability பெட்டியில் பாக்கி பூஜ்யம் என்று காட்டிய பிறகே சமர்ப்பிக்க வேண்டும்.

சமர்ப்பித்த பின் சரிபார்ப்பு ஒன்று உண்டு. ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி-யால் அது ஒரு நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் ITR-V தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். எதுவானாலும் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால், சரிபார்த்த தேதியே தாக்கல் செய்த தேதியாகிவிடும்; ஜூலையில் அனுப்பிய ரிட்டர்ன்கூடத் தாமதக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜூலை 31 தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் ஒரு சதவீத வட்டி தனி. பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அத்தோடு போய்விடும். முதல் நிறுவனத்தின் சம்பளத்தைச் சேர்க்க மறந்தது தாக்கலுக்குப் பிறகு தெரியவந்தால், திருத்திய ரிட்டர்ன் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கான கெடுவும் முடிந்துவிட்டால் மிஞ்சுவது ITR-U. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அதைத் தாக்கல் செய்பவர், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்தைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். நாளாக ஆக அந்தச் சதவீதம் ஏறும்.