மூன்று நிமிடத்தில் கழன்று விழும் மெரினோ போர்வை

காலை ஏழரை, மணி அடித்தாயிற்று! ஆஸ்திரேலிய மெரினோ பண்ணையின் கத்தரிப்புக் கொட்டகைக்குள் இயந்திரங்கள் இரைய ஆரம்பித்துவிட்டன. வாருங்கள், இந்தத் தடுப்போரம் நின்றால் எல்லாமே தெரியும்!

உண்மையில் வேலை நேற்று மாலையே தொடங்கிவிட்டது. ஆடுகளுக்குத் தீனியும் தண்ணீரும் நிறுத்தி, கூரைக்கடியில் அடைத்துவிட்டார்கள். வயிறு நிரம்பிய ஆட்டை மடக்கி உட்காரவைத்தால் அதற்கு வேதனை, உதைக்கும். கூரையோ பனிக்காக. ஈர ரோமத்தைப் பொதியில் அமுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

இதோ, முதல் ஆடு! கத்தரிப்பவர் அதைப் பின்புறம் தரையில் பதிய உட்காரவைத்து, முதுகைத் தன் முழங்கால்களில் சாய்த்துக்கொள்கிறார். குளம்புகள் தரையில் ஊன்றாததால் உந்தி எழ வழியில்லை. ஆடு அப்படியே அடங்கிவிடுகிறது! முதலில் வயிறு. அந்த ரோமம் குட்டை, அழுக்கு, தனியே போகிறது. பிறகு பின்னங்கால், உச்சந்தலை, கழுத்து, தோள். அடுத்து ஆட்டைக் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டி வால் பக்கத்திலிருந்து தலைவரை நீள நீளமான இழுப்புகள். அடடா, ரோமம் முழுவதும் ஒரே போர்வையாகச் சரிகிறது!

இப்போது அவருடைய இடது கையைப் பாருங்கள். ரகசியம் அங்கேதான் இருக்கிறது! மெரினோவின் தோல் சுருக்கம் சுருக்கமானது. ஒரு மடிப்பு இயந்திரச் சீப்பின் பற்களுக்குள் புகுந்தால் ரத்தம்தான். அதனால் இயந்திரம் போகும் இடத்துக்கு முன்பே இடது கை தோலை இழுத்துத் தட்டையாக்குகிறது. பெட்டையாடென்றால் காம்புகளையும் மறைத்துக்கொள்கிறது. சீப்பு தோலோடு படிந்தே நகர வேண்டும். சற்றுத் தூக்கிப் போய்விட்டால், மிஞ்சிய குட்டை ரோமத்தை அவர் மறுபடி வெட்டுவதில்லை. வெட்டினால் வரும் துண்டு மயிர், நூலில் முடிச்சாகச் சிக்கும்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஆடு வெள்ளைவெளேரென்று வெளியே ஓடுகிறது! போர்வையை அள்ளிய ஒருவர் சட்டங்கள் வைத்த மேசைமேல் அதை விரித்து வீசுகிறார். துண்டு மயிர் இடுக்கு வழியே உதிர்கிறது. சாணமும் வியர்வையும் படிந்த ஓரங்களைக் கைகள் கிழித்து ஒதுக்குகின்றன.

அடுத்து தரம் பிரிப்பவரின் முறை. நீளம், நிறம், சுருள் பார்த்தபின் ஒரு கற்றையை உருவி, இரு முனையையும் இறுகப் பிடித்துக் காதருகே சுண்டுகிறார்! 'டிங்' என்று அதிர்ந்தால் உறுதியான ரோமம். நொறுநொறுவென்று பிய்ந்தால் அது நலிந்த ரோமம். வேறு பொதிக்குப் போகும். அந்த ஆடு தீவனமில்லாமலோ நோயிலோ வாடிய வாரங்களில் இழை மெலிந்திருக்கிறது. அந்த மெலிவு கற்றையின் நடுவில் இருந்தால் ஆலையில் இழை இரண்டு துண்டாகும், விலை சரியும். நுனியில் இருந்தால் நஷ்டம் சொற்பமே. அதனால்தான் தீவனம் மிகக் குறையும் பருவத்தை ஒட்டியே பல பண்ணைகள் கத்தரிப்பை வைத்துக்கொள்கின்றன: ஆடு வாடிய காலம் கற்றையின் ஓரத்தில் விழுந்துவிடும்!