நிழல் மாறாமல் வானம் மாறாது

தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை ஒரு பயணப் பதிவர் நண்பகலில் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வானம் வெளிறிக் கிடக்கிறது. படத்தைத் திருத்துபவருக்கு அவர் எழுதும் குறிப்பு ஒரே வரி: "மாலைச் சிவப்பு வானம் வையுங்கள்."

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உச்சிவெயிலில் சுவரின் நிழல் அடியிலேயே ஒடுங்கியிருக்கும். அந்தி வெளிச்சமோ நிழலை மணலில் நீளமாக இழுக்கும். மேலே அந்தி, கீழே நண்பகல் என்றால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் படம் உறுத்தும்.

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "DSC_0412: பகல் 12 மணி, சூரியன் உச்சியில். வெண்மேகம் கலந்த நீல வானம் போதும்; அடிவானத்தை நோக்கி நீலம் வெளிறட்டும். முன்னால் உள்ள குட்டையிலும் அதே வானம் தலைகீழாகத் தெரிய வேண்டும். கல்லின் சாம்பல் நிறத்தைத் தொடாதீர்கள். மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நீக்கலாம். ஓரத்துக் கடைகளை நீக்க வேண்டாம்."

கடைசி வரி முக்கியமானது. பாட்டில் நாளைக்கே அங்கே இருக்காது. கடைகள் இருக்கும், படத்தை நம்பிப் போகிறவர் அவற்றையும் பார்ப்பார்.

திருத்திய படம் வந்ததும் பெரிதாக்கிச் சுவரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், பழைய வானம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.