லீவில் போகும்போது விட்டுச் செல்லும் பதில்

2008ஆம் ஆண்டு வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஒரு சாலையோரத்தில் புதிய அறிவிப்புப் பலகை நடப்பட்டது. அங்கே இத்தகைய பலகைகள் ஆங்கிலம், வெல்ஷ் ஆகிய இரு மொழிகளிலும் இருக்கும். கனரக வாகனங்கள் உள்ளே வரக் கூடாது, இது குடியிருப்புப் பகுதி என்று மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே வெல்ஷ் மொழியில் எழுதியிருந்ததன் பொருள் வேறு: “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்.”

நடந்தது இதுதான். பலகைக்கான வாசகத்தை வெல்ஷில் மாற்றித் தரும்படி நகராட்சியிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு மெயில் போனது. உடனே வெல்ஷில் ஒரு பதில் வந்தது. அது, லீவில் இருப்பவரின் மெயில் பெட்டி தானாக அனுப்பும் ஆட்டோ ரிப்ளை. வெல்ஷ் தெரியாத அலுவலர்கள் அதையே மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டு பலகையில் எழுதச் சொல்லிவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பலகை அகற்றப்பட்டது.

அந்தப் பதிலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அதை யார் படிக்கப்போகிறார்கள் என்பது மட்டும்தான் அதில் இல்லாமல் போனது. நம் அலுவலகங்களிலிருந்து போகும் ஆட்டோ ரிப்ளைகள் பலவற்றின் குறையும் இதுவே.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்துபவர், தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு போடுகிறார். அவருடைய மெயிலில் இருக்கும் பதில் இப்படி இருக்கிறது:

“தங்களது மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது. தற்போது விடுப்பில் உள்ளதால் மின்னஞ்சலைப் பார்வையிடும் வாய்ப்பு குறைவாக உள்ளது. அவசரத் தேவை ஏற்படின் உரிய அலுவலரைத் தொடர்பு கொள்ளவும். ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம். இது தானியங்கி மின்னஞ்சல், பதிலளிக்க வேண்டாம்.”

இதைச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். பையர் கேட்ட நிறத்தில் சிறு துணித் துண்டுகளுக்குச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று மூன்று சாயல்களை அனுப்பியிருக்கிறார். தொழிலில் இதை லேப் டிப் என்பார்கள். எந்தச் சாயல் சரி என்று ஒப்புதல் வந்தால்தான் அவர் மொத்தத் துணிக்கும் சாயம் போட முடியும். அது தள்ளிப்போனால் வெட்டுவதும் தைப்பதும் தள்ளிப்போகும், கடைசியில் ஷிப்மென்ட் தேதியே தள்ளிப்போகும். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இவர் எப்போது வருவார்? அதுவரை ஒப்புதல் தருபவர் யார்? நான் அனுப்பிய மெயிலை மறுபடி அனுப்ப வேண்டுமா?

மேலே உள்ள பதில் இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை தரவில்லை. தேதி இல்லை. ‘உரிய அலுவலர்’ யார் என்பது உள்ளே வேலை செய்பவருக்குத் தெரியலாம், பட்டறைக்காரருக்குத் தெரியாது. ‘பார்வையிடும் வாய்ப்பு குறைவு’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாலைக்குள் ஒருவேளை பார்த்துவிடுவார் என்று நம்பி அவர் இரண்டு நாள் காத்திருப்பார். பதிலளிக்க வேண்டாம் என்ற வரியும் உண்மையல்ல. தனி ஒருவரின் பெட்டியிலிருந்து போன ஆட்டோ ரிப்ளைக்குப் பதில் எழுதினால், அது அந்தப் பெட்டிக்கே வந்து சேரும்.

இதையே அந்த மெர்ச்சண்டைசர் இப்படி மாற்றி எழுதலாம். பெயர் எடுத்துக்காட்டுக்காக மட்டும்.

“வணக்கம். இது தானாக வரும் பதில். ஜூன் 8 முதல் 13 வரை குடும்ப நிகழ்ச்சிக்காக லீவில் இருக்கிறேன், இந்த நாட்களில் மெயில் பார்க்க மாட்டேன். ஜூன் 15 திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன், 16ஆம் தேதி மாலைக்குள் உங்களுக்குப் பதில் எழுதிவிடுவேன். லேப் டிப் ஒப்புதல், ஷிப்மென்ட் தேதி போன்ற காத்திருக்க முடியாத வேலைகளை என் குழுவிலுள்ள செல்வி கவனித்துக்கொள்வார். அவருடைய மெயில் முகவரியும் அலுவலக எண்ணும் கீழே உள்ளன. எனக்கு அனுப்பிய மெயிலை அப்படியே அவருக்கு அனுப்பினால் போதும். நன்றி.”

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் படித்து முடித்ததும் பட்டறைக்காரரின் கை அடுத்த வேலைக்குப் போய்விடும். இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதர் பேசுவது போல் இது ஒலிப்பதற்குக் காரணம், எழுதியவர் ‘நான்’ என்று பேசுகிறார், ஒரு நாளைச் சொல்லி வாக்குக் கொடுக்கிறார், யாரிடம் போக வேண்டும் என்று கைகாட்டுகிறார். திரும்பி வந்த அன்றே எல்லாருக்கும் பதில் எழுதிவிடுவேன் என்று அவர் சொல்லாததும் சரிதான். ஒரு வார மெயிலைப் படிக்கவே ஒரு நாள் ஆகும்; காப்பாற்ற முடிகிற வாக்கையே கொடுத்திருக்கிறார்.

இதைவிட இனிமையாக எழுத ஆசைப்பட்டுச் சிலர் கடற்கரையையும் பிரியாணியையும் மெயிலில் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டோ ரிப்ளை ஆள் பார்த்துப் போவதில்லை. நண்பருக்குப் போகும் அதே வரிகள், சரக்கு கெட்டுப்போனதென்று கோபமாக எழுதிய பையருக்கும் போகும், வீட்டில் துக்கம் என்று எழுதிய தொழிலாளிக்கும் போகும். இந்த இருவரிடமும் நேரில் சொல்லத் தயங்கும் எதையும் அதில் எழுதாமலிருப்பதே நல்லது.

எழுதாமல் விட வேண்டிய இன்னொன்று, பயண விவரம். எந்த ஊர், எந்த விமானம், முதலாளியும் உடன் வருகிறாரா என்பதெல்லாம் முன்பின் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். மேலதிகாரி வெளியூரில் இருக்கும் நேரம் பார்த்து, அவர் பெயரில் ‘உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு’ என்று போலி மெயில் விடும் மோசடிக்காரர்களுக்கு இந்தத் தகவல் உதவும். அவுட்லுக்கை நிறுவனக் கணக்கில் பயன்படுத்துபவர்கள், நிறுவனத்துக்குள் இருப்பவருக்கு ஒரு பதிலும் வெளியாருக்கு வேறு பதிலும் தனித்தனியே எழுதி வைக்கலாம். உள்ளே இருப்பவர்களுக்குக் கல்யாணம் என்றே சொல்லலாம். வெளியாருக்குத் தேதியும் பொறுப்பாளர் பெயரும் போதும்.

மெயில் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஜிமெயிலில் இந்த வசதிக்குப் பெயர் Vacation responder. ஒரே ஆள் திங்கட்கிழமையும் புதன்கிழமையும் எழுதினால், பதில் ஒருமுறைதான் போகும். நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினால்தான் இன்னொரு முறை போகும். அவுட்லுக்கில் பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரே முறைதான். ஆகவே சொல்ல வேண்டியதெல்லாம் முதல் பதிலிலேயே இருக்க வேண்டும். ஜிமெயிலில் முடிவு நாளாகக் குறித்த தேதியின் இரவு 11:59 வரை பதில் போய்க்கொண்டிருக்கும். 15ஆம் தேதி வேலைக்கு வருபவர் முடிவு நாளாக 14ஐக் குறிக்க வேண்டும். 15 என்று குறித்தால், மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே லீவில் இருப்பதாக நாள் முழுதும் பதில் போகும்.

வெளிநாட்டு பையரும் உள்ளூர்ப் பட்டறையும் ஒரே முகவரிக்கு எழுதுகிறார்கள் என்றால், தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று இரண்டையும் ஒரே பதிலில் வைப்பது நல்லது. ஸ்வான்சீக்குப் போன பதிலின் முதல் வரி ஆங்கிலத்தில் இருந்திருந்தால் அந்தப் பலகை வந்திருக்காது.

லீவுக்குக் கிளம்பும் முன் இரண்டு வேலைகள் மிச்சம். செல்வியின் பெயரைப் போடுவதற்கு முன் செல்வியிடம் கேளுங்கள், ஒப்புதல் தர அவருக்கு அதிகாரமும் கோப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் சொந்த முகவரியிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பி, வரும் பதிலை அந்தச் சாயப்பட்டறைக்காரராக இருந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.