அழித்தும் குறையாத கிடங்கு

நாலு பேர் சேர்ந்து ஒரு கைபேசி விளையாட்டை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் நிரல் எழுதுகிறவர்கள், ஒருவர் ஓவியர், ஒருவர் ஒலியைப் பார்த்துக்கொள்கிறவர். நாலு பேரின் வேலையும் கிட்ஹப்பில் ஒரே ரெப்போவில் சேர்கிறது. ஒரு நாள் மாலை, விளையாட்டில் இருந்த பிழையைச் சரிசெய்துவிட்டு ஒருவர் புஷ் கொடுக்கிறார். திரையில் இப்படி வருகிறது:

```
batch response: This repository exceeded its LFS budget.
The account responsible for the budget should increase it
to restore access.
```

அவர் மாற்றியது பத்து வரி நிரல்தான். ஆனால் அதே கமிட்டில் ஓவியர் கொடுத்த புதிய பின்னணிப் படமும் சேர்ந்திருந்தது. கிடங்கில் இடம் இல்லை என்று கிட்ஹப் மறுத்தது அந்தப் படத்தைத்தான். படம் போகவில்லை என்பதால் அதோடு சேர்ந்த பத்து வரியும் போகவில்லை.

என்ன நடந்தது என்று புரிய, பெரிய கோப்புகளை கிட் எப்படிக் கையாள்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கிட் நிரலுக்காகப் பிறந்த கருவி. எழுத்துக் கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சுருக்கி, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைப் பயன்படுத்திச் சிறிய இடத்தில் அடக்கிவிடும். படம், ஒலி, காணொளி போன்றவற்றில் இந்தச் சாமர்த்தியம் அதிகம் எடுபடாது. கிட்ஹப்பும் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சாதாரண வழியில் ஏற்றுக்கொள்வதில்லை. இதற்கு மாற்றாக கிட்ஹப் 2015-இல் அறிவித்ததுதான் கிட் எல்எஃப்எஸ். பெரிய கோப்பு தனிக் கிடங்குக்குப் போய்விடும். ரெப்போவில் அதன் இடத்தில் மூன்று வரிச் சீட்டு ஒன்று மட்டும் இருக்கும்:

```
version https://git-lfs.github.com/spec/v1
oid sha256:9f2c41...
size 188743680
```

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற மாதிரிதான். டோக்கனில் இருப்பது கோப்பின் அடையாள எண்ணும் அளவும். மேலே உள்ள சீட்டு 180 எம்பி படத்துக்கு உரியது.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கிடங்கு வித்தியாசத்தை மட்டும் சேமிப்பதில்லை. ஓவியர் மேகத்தின் ஓரத்தை லேசாக மாற்றிச் சேமித்தாலும், புதிய பதிப்பு முழுசாக இன்னொரு 180 எம்பியாக உள்ளே போகிறது. பழையதும் அங்கேயே இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதும் நேரத்தில் கிட்ஹப்பின் இலவசக் கணக்குக்கு எல்எஃப்எஸ் சேமிப்பு 10 ஜிபி. 57-ஆவது பதிப்பில் இந்த ஒரே படம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வாரத்துக்கு இரண்டு பதிப்பு என்றால் ஏழு மாதம்கூட ஆகாது. குழுவின் கணினியில் கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு 180 எம்பி படம்தான் தெரியும். அதனால்தான் "நாம எங்கப்பா பத்து ஜிபி போட்டோம்?" என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லாப் பதிப்புகளையும் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
git lfs ls-files --all --size
```

இதில் `--all` என்பது முக்கியம். அது இல்லாவிட்டால் இன்றைய கோப்புகள் மட்டும் வரும். அதோடு வந்தால், எந்தப் படம் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

பிழைச் செய்தியைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம் படத்தை அழித்துவிட்டுத் திரும்பப் புஷ் கொடுப்பது. அது பலிக்காது. அழித்தது கடைசி கமிட்டில். படத்தைச் சேர்த்த முந்தைய கமிட் இன்னும் புஷ்ஷுக்காகக் காத்திருக்கிறது, அதில் படம் இருக்கிறது. ஏற்கெனவே மேலே போய்விட்ட 56 பதிப்புகளும் அசையாது. அடுத்து, எல்எஃப்எஸ்ஸை விட்டுவிட்டுச் சாதாரணக் கோப்பாகவே ஏற்றிவிடலாம் என்று பார்ப்பார்கள். 100 எம்பி எல்லை தடுத்துவிடும். `--no-verify` சேர்த்துப் புஷ் கொடுத்தால் எல்எஃப்எஸ் ஏற்றத்தைத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது சீட்டு மட்டும் போகும், பொருள் போகாது. கிட்ஹப் இதைக் கவனித்து, தனக்குத் தெரியாத எல்எஃப்எஸ் பொருளை இந்தப் புஷ் குறிப்பிடுகிறது என்று GH008 பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்பி அனுப்புவது நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் மற்ற மூவரும் படத்துக்குப் பதில் மூன்று வரிச் சீட்டைத்தான் இறக்கிக்கொள்வார்கள்.

இவற்றில் மிக ஆபத்தானது `git lfs prune`. பெயரைப் பார்த்தால் கிடங்கைச் சுத்தம் செய்வது போலத் தோன்றும். உண்மையில் அது உங்கள் கணினியில் உள்ள பழைய பிரதிகளை மட்டும்தான் நீக்கும். மேலே ஒரு பைட்டும் குறையாது. பழைய பதிப்புகளைக் கையில் வைத்திருக்க வேண்டிய நேரத்தில் அவற்றை நாமே கழித்துக்கட்டியதாக ஆகிவிடும். நெருக்கடி முடியும் வரை அந்தக் கட்டளைப் பக்கம் போகாதீர்கள்.

அன்று மாலைக்கு உடனடி வழி, நிரலையும் படத்தையும் பிரிப்பது. புதிய பெரிய கோப்பு எதுவும் இல்லாத கமிட் இந்த எல்லையில் மாட்டாது. முதலில் படத்தை வேறொரு கோப்புறையில் பத்திரமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, இப்படிச் செய்யலாம்:

```
git reset --soft origin/main
git restore --staged art/bg.psd
git commit -m "fix score bug"
git push
```

முதல் வரி, இன்னும் மேலே போகாத கமிட்டுகளைக் கலைத்துவிடுகிறது. மாற்றங்கள் கையில் அப்படியே இருக்கும். இரண்டாவது வரி படத்தை மட்டும் ஒதுக்கி வைக்கிறது. பத்து வரி நிரல் போய்ச் சேர்ந்துவிடும், குழுவின் வேலை நிற்காது. கலைத்த கமிட்டுகள் எல்லாம் ஒரே கமிட்டாகச் சேர்ந்துவிடும் என்பது மட்டும்தான் இழப்பு.

படத்தையும் ஏற்ற வேண்டுமே? பணம் கட்டுவது எளிய வழி. தொகையைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இலவச அளவுக்கு மேல் ஒரு ஜிபிக்கு மாதம் 0.07 டாலர். 5 ஜிபி கூடுதலாக வேண்டுமென்றால் 0.35 டாலர், அதாவது முப்பது ரூபாய் சொச்சம். நாலு பேர் ஒரு மாலைப்பொழுதைத் தொலைப்பதைவிட இது மலிவு என்பது என் கருத்து. ஆனால் அட்டை விவரம் கொடுத்தால் மட்டும் போதாது. கணக்கு அமைப்பில் எல்எஃப்எஸ்ஸுக்கான பட்ஜெட் பூஜ்யம் என்று இருந்தால், அட்டை இருந்தும் புஷ் மறுக்கப்படும். பட்ஜெட்டை ஒன்று இரண்டு டாலருக்கு உயர்த்தி, அதைத் தாண்டினால் நிறுத்திவிடு என்ற தேர்வையும் போட்டுவைத்தால் கட்டணம் கைமீறாது. இன்னொன்று: கணக்கில் ஏறுவது புஷ் கொடுத்தவர் பெயரில் அல்ல, ரெப்போவின் உரிமையாளர் பெயரில். பிழைச் செய்தி சொல்லும் "பொறுப்பான கணக்கு" அதுதான். புஷ் கொடுத்தவர் தன் கணக்கில் எவ்வளவு பணம் கட்டினாலும் பயனில்லை.

இரண்டாவது வழி கிடங்கை மட்டும் வேறிடத்துக்கு மாற்றுவது. நிரல் கிட்ஹப்பிலேயே இருக்கும். பெரிய கோப்புகள் வேறு எல்எஃப்எஸ் சர்வருக்குப் போகும். கிட்டீ, ஃபோர்ஜோ போன்ற மென்பொருள்களை நாமே ஒரு கணினியில் நிறுவிக்கொண்டால் எல்எஃப்எஸ் சர்வரும் அவற்றிலேயே இருக்கிறது. புதிய முகவரியை ரெப்போவில் `.lfsconfig` என்ற கோப்பில் எழுதி கமிட் செய்ய வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் கணினியும் புதிய இடத்தைத் தேடிப் போகும். பிறகு `git lfs push --all origin` கொடுத்து எல்லாப் பதிப்புகளையும் அங்கே ஏற்ற வேண்டும். இடம் தாராளம்தான். ஆனால் அந்தக் கணினியின் வட்டு பழுதானால் பொறுப்பும் நம்முடையதே. காப்புப் பிரதி எடுக்க ஆள் இல்லாத குழுவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, பழைய பதிப்புகளை உண்மையாகவே ஒழிப்பது. இதில்தான் கவனம் அதிகம் தேவை. பிட்பக்கெட்டில் ரெப்போ அமைப்புக்குள் போய் எல்எஃப்எஸ் கோப்புகளைத் தனித்தனியாக அழிக்கலாம். கிட்ஹப்பில் அந்த வசதி இல்லை. வரலாற்றைத் திருத்தி எழுதினாலும் கிடங்கில் உள்ள பொருள் போகாது. ரெப்போவையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொல்கிறது கிட்ஹப்பின் சொந்த ஆவணம். அழித்தால் இஷ்யூக்கள், நட்சத்திரங்கள் எல்லாம் போய்விடும்.

அதற்கு முன் முழுப் பிரதி கையில் இருக்க வேண்டும். `git clone --mirror` எடுத்து, `git lfs fetch --all` கொடுத்தால் எல்லாம் இறங்கிவிடும் என்பது கேட்க எளிது. ஆனால் இறக்குவதற்கும் மாதம் 10 ஜிபி என்று தனி எல்லை உண்டு. நம் குழுவின் 56 பதிப்புகளை ஒருமுறை இறக்கினாலே ஏறத்தாழ அந்த மாதத்துக் கணக்கு முடிந்துவிடும். பாதியில் நின்றுபோகவும் கூடும். ஆகவே ஓவியரின் கணினியை முதலில் பாருங்கள். ஏற்றியவர் அவர்தான், `prune` கொடுக்காமல் இருந்தால் `.git/lfs/objects` கோப்புறையில் எல்லாப் பதிப்புகளும் இருக்கும். அதை வெளி வட்டுக்குப் பிரதி எடுத்து, `git rev-list --all | xargs -n 1 git lfs fsck` கொடுத்துக் கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளலாம்.

வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. புதிய ரெப்போவை முதலில் உருவாக்கி ஏற்றிவிட்டு, அப்புறம் பழையதை அழிக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 10 ஜிபி எல்லை ஒரு ரெப்போவுக்கு அல்ல, முழுக் கணக்குக்கும் சேர்த்து. பழையது இருக்கும் வரை புதியதிலும் இடம் கிடையாது. பிரதி எடுத்து, சோதித்து, பழையதை அழித்து, கட்டணப் பக்கத்தில் சேமிப்பு எண் குறைந்ததைப் பார்த்த பிறகுதான் புதியதில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது `git filter-repo` கொண்டு அந்தப் படத்தின் பழைய வரலாற்றைக் கழித்துவிட்டு, கடைசிப் பதிப்பை மட்டும் சேர்த்தால் 10 ஜிபி இருந்த இடத்தில் 180 எம்பி இருக்கும். வரலாறு மாறிவிடுவதால் குழுவில் எல்லாரும் பழைய பிரதியை ஓரம்கட்டிவிட்டுப் புதிதாக குளோன் செய்ய வேண்டும். யாராவது ஒருவர் பழைய பிரதியிலிருந்து கிளையை இணைத்துப் புஷ் கொடுத்தால், கழித்த 56 பதிப்புகளும் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும்.

நான் சொல்வது இதுதான்: முதல் மாதம் முப்பது ரூபாயைக் கட்டி வேலையை ஓட்டுங்கள், கிடங்கை மாற்றுவதா, வரலாற்றைக் கழிப்பதா என்பதை நிதானமாக முடிவுசெய்யுங்கள். ஓவியரிடம், தினசரிச் சேமிப்பைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, படம் ஒரு கட்டத்தை எட்டும்போது மட்டும் கமிட் செய்யச் சொல்லுங்கள். முடிந்த விளையாட்டின் தொகுப்புக் கோப்புகளை எல்எஃப்எஸ்ஸில் வைக்கவே வேண்டாம். கிட்ஹப்பின் ரிலீஸ் பகுதியில் ஒவ்வொரு கோப்பும் 2 ஜிபிக்குள் இருந்தால் போதும். மொத்த அளவுக்கு அங்கே உச்சவரம்பு இல்லை.