பட்டமா, செய்த வேலையா?

முப்பத்தைந்து வயதில் வங்கி வேலையை விட்டு வக்கீலாக நினைப்பவருக்கு வேறு வழியில்லை. பட்டதாரி என்றாலும் மூன்றாண்டு சட்டப்படிப்பு வேண்டும், பிறகு பார் கவுன்சில் பதிவு. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அப்படி.

அவரே செயலித் திரை வடிவமைப்பாளராக விரும்பினால் கதை வேறு. அங்கே உரிமம் கேட்கும் சட்டம் கிடையாது. கடன் விண்ணப்பப் படிவத்தில் வாடிக்கையாளர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதை மாற்றி வரைந்து, ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்து, எதை ஏன் கைவிட்டார் என்று எழுதினால் அதுவே நல்ல போர்ட்ஃபோலியோ. பளபளக்கும் படங்கள் மட்டும் இருந்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்படும்.

நேர்காணல் வரை போய்த் தோற்றால் குறை திறமையில். பட்டம் அதைச் சரிசெய்யாது. அழைப்பே வராவிட்டால், விளம்பரங்கள் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.